கணினி என்றாலே தயங்குகிறவர்களுக்குச் சின்ன பேட்சில் மென்பொருள் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் புது மென்பொருள் வரும்போது பயிற்சி ஏற்பாடு செய்கிற பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழும். அப்படி விழுந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. விளக்குவதற்கு ஒரே உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்: ஒரு கிடங்கு, அங்கே இருப்புப் பதிவேடு எழுதுகிற 14 பேர், அவர்கள் இனிமேல் சரக்கு வரவையும் வெளியீட்டையும் மென்பொருளில் பதிய வேண்டும். பெரும்பாலானவர்கள் ஃபோனில் மெசேஜ் பார்ப்பார்கள், ஆனால் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் கை தயங்கும்.

14 பேர்தானே, ஒரே நாளில் மொத்தமாக உட்கார வைத்து முடித்துவிடலாமே?

நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். 12 பேர், பெரிய திரை, மூன்று மணி நேரம். எல்லோரும் தலையாட்டினார்கள், "புரிஞ்சுதா" என்றதற்கு "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பதில் வந்தது, நானும் திருப்தியாகப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், அன்றன்றைய பதிவு எல்லாமே மாலையில், வேலை முடிகிற நேரத்தில், ஒரே இளைஞனின் கணக்கிலிருந்து ஏறியிருந்தது. மற்ற பதினோரு பேரும் தாளில் எழுதி அவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! அவனும் பாவம், மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருந்தான்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் நின்று அவரையே செய்ய வைத்து வெளியே கொண்டுவர இரண்டு நிமிடமாவது ஆகும். ஐந்து பேர் இருந்தால் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம், காத்திருப்பவர் பொறுத்துக்கொள்வார். 12 பேர் என்றால் கடைசி ஆளுக்கு 22 நிமிடம் கழித்துத்தான் உங்கள் முகம் தெரியும். அதற்குள் அவர் பக்கத்து ஆளைக் கேட்டுப் பட்டனை அமுக்கியிருப்பார், அல்லது எல்லாம் தெரிந்த மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் சொல்லித்தருபவர் ஒருவர் என்றால் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். நம் 14 பேர் ஐந்து, ஐந்து, நான்கு என்று மூன்று பேட்ச்.

யாருக்கு எது தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுமா" என்று கேட்டாலே முகம் மாறுகிறது.

மாறத்தான் செய்யும். இருபது வருடமாகக் கிடங்கைக் கட்டி மேய்ப்பவரிடம் அந்தக் கேள்வி "உங்களுக்கு வேலை தெரியுமா" என்றுதான் போய்ச் சேருகிறது. அதோடு பதிலும் பயன்படாது. தெரிந்தவர் "கொஞ்சம்" என்பார், தெரியாதவரும் "கொஞ்சம்" என்பார்.

ஆளைப் பற்றிக் கேட்காமல், செய்த காரியத்தைப் பற்றிக் கேளுங்கள். நான் நின்றவாக்கில் பேச்சோடு பேச்சாக மூன்று கேள்வி கேட்பேன். போன மாதத்தில் கணினியில் ஏதாவது டைப் செய்தீர்களா? மின்னஞ்சலில் ஒரு ஃபைலை இணைத்து அனுப்பியதுண்டா? பாஸ்வேர்டு மறந்துபோனால் நீங்களே மாற்றிக்கொள்வீர்களா, யாரிடமாவது கொடுப்பீர்களா? மூன்றுக்கும் "இல்லை" என்பவர்கள் ஒரு பேட்ச், ஒன்றிரண்டுக்கு "ஆமாம்" என்பவர்கள் இன்னொன்று. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள், மனதில் வைத்துக்கொண்டு அப்புறம் எழுதுங்கள், இல்லாவிட்டால் தேர்வு நடக்கிற மாதிரி ஆகிவிடும்.

பிறகு பேட்சுக்குப் பெயர். "அடிப்படை பேட்ச்", "ஆரம்ப நிலை" எதுவும் வேண்டாம், அது நெற்றியில் ஒட்டிய சீட்டு. "திங்கள்-வியாழன் பேட்ச்", "செவ்வாய்-வெள்ளி பேட்ச்" என்று கிழமையை வைத்தால் போதும். பட்டியல் ஒட்டும்போதும் ஒரு விஷயம்: வயதில் மூத்த எல்லோரும் ஒரே பேட்சில் விழுந்தால் பெயர் என்ன வைத்தாலும் மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். ஓரளவு தெரிந்த, பொறுமையான ஒருவரை அந்தப் பேட்சில் சேர்த்துவிடுங்கள்.

அழைப்பை எப்படி எழுதுவது?

"மென்பொருள் அறிவு குறைவாக உள்ள பணியாளர்களுக்கான கட்டாயப் பயிற்சி" என்று ஒரு சுற்றறிக்கையை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் அதைப் படித்துவிட்டு யார் தலைநிமிர்ந்து வருவார்கள்?

நான் அனுப்புவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து சரக்கு வரவு, வெளியீடு இரண்டையும் புது மென்பொருளில் பதியப் போகிறோம். எல்லோருக்கும் இது புதிது என்பதால், ஐந்தைந்து பேராக உட்கார்ந்து நிதானமாகப் பழகிக்கொள்ள நேரம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் நேரம் திங்கள், வியாழன் காலை 10 முதல் 11.15 வரை. அந்த நேரத்தில் உங்கள் கவுன்ட்டரை வேறொருவர் பார்த்துக்கொள்வார். பயிற்சிக்காகத் தனி நகல் வைத்திருக்கிறோம், அதில் என்ன செய்தாலும் உண்மையான கணக்கில் எதுவும் மாறாது. படிக்கிற கண்ணாடி இருந்தால் எடுத்துவாருங்கள். கிழமை ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்."

இதில் "எல்லோருக்கும் புதிது" என்பது உண்மை, இளைஞர்களுக்கும் அந்த மென்பொருள் புதிதுதான், அதனால் தயங்காமல் எழுதலாம். கவுன்ட்டரை யார் பார்ப்பார்கள் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வேலை தேங்குமே என்ற கவலையோடு வருபவர் மனம் அங்கேதான் இருக்கும், அதோடு வராமல் இருக்கவும் அதுவே நல்ல சாக்கு. கண்ணாடி வரியைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். திரையில் எழுத்து தெரியாமல், அதைச் சொல்லவும் கூச்சப்பட்டு, "எனக்கு இதெல்லாம் வராது" என்று எழுந்து போனவரைப் பார்த்த பிறகுதான் அதைச் சேர்த்தேன்.

மேலாளரும் அதே பேட்சில் உட்காரலாமா? உற்சாகமாக இருக்குமே.

வேண்டாம். மேலாளர் முன்னால் யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள். அவருக்கே தெரியாவிட்டால் இன்னும் சங்கடம், இரண்டு பக்கமும் வாய் திறக்காது. அவருக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எத்தனை வகுப்பு, எவ்வளவு இடைவெளி?

ஒரு வகுப்பு 75 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பழக்கமில்லாதவருக்குத் திரையைப் பார்ப்பது, மவுஸை நகர்த்துவது, எழுத்தைத் தேடுவது என்று மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது, ஒரு மணி நேரம் தாண்டினால் தவறு கூடுவதை நீங்களே பார்க்கலாம்.

நம் 14 பேருக்கு இப்படி அமையும். முதல் பேட்ச் திங்கள், வியாழன். இரண்டாவது செவ்வாய், வெள்ளி. மூன்றாவது புதன், சனி. இரண்டு வாரம், ஆளுக்கு நான்கு வகுப்பு. மொத்தம் 12 வகுப்பு, சொல்லித்தருபவருக்கு 15 மணி நேரம். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை மென்பொருள் உண்மையாகத் தொடங்குகிறது. கடைசி வகுப்புக்கும் அந்தத் திங்களுக்கும் இடையே அதிகபட்சம் நான்கு நாள்தான் ஓடுகிறது. ஒரு மாதம் முன்பே பயிற்சி முடித்துவிட்டு, "தொடங்கும் தேதி தள்ளிப்போய்விட்டது" என்று அறிவிப்பதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு. தேதி தள்ளினால் பயிற்சியையும் தள்ளுங்கள். முடிந்துபோயிருந்தால் தொடங்குவதற்கு முந்தின வாரம் ஒரு வகுப்பைத் திரும்ப வையுங்கள்.

நான்கு வகுப்பிலும் சேர்த்துக் கற்றுத்தருவது மூன்றே காரியம்: சரக்கு வரவைப் பதிவது, வெளியீட்டைப் பதிவது, இருப்பைப் பார்ப்பது. மென்பொருளில் நாற்பது மெனு இருக்கும். அறிக்கை எடுப்பது, பார்கோடு அச்சிடுவது எல்லாம் யார் வேலையோ அவர் தனியாகக் கற்றுக்கொள்ளட்டும்.

வகுப்புக்கு முந்தின நாள் என்ன தயார் செய்ய வேண்டும்?

இங்கேதான் பாதி வகுப்பு வீணாகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பயிற்சி நகல். மென்பொருள் கொடுத்தவர்களிடம் கேட்டால் பொதுவாகத் தனி நகல் ஒன்றை அமைத்துத் தருவார்கள். அதன் தலைப்புப் பட்டையின் நிறத்தை மாற்றச் சொல்லுங்கள், எது உண்மை எது பயிற்சி என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். உள்ளே "டெஸ்ட் 1", "டெஸ்ட் 2" என்று போட்டு வைக்காதீர்கள். அவர்கள் தினமும் கையாளுகிற சரக்கின் பெயரையே ஏற்றுங்கள், அப்போது தெரிந்த வேலையைப் புது இடத்தில் செய்வதாக இருக்கும்.

அடுத்து, ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கு. முதல் முறை உள்ளே போகும்போது பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் மென்பொருள் என்றால், அதில் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அதை வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் வைத்தால் எல்லோருக்கும் தோல்வியோடுதான் நாள் தொடங்கும். பயிற்சி நகலில் அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டு வைப்பதைக் கடைசி வகுப்பில் தனிப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நேரம் முடிந்து வெளியேற்றுவது. பத்து நிமிடம் சும்மா இருந்தால் `Session expired` என்று வெளியே தள்ளும் மென்பொருள்கள் உண்டு. மெதுவாக டைப் செய்பவர், நடுவில் பக்கத்து ஆளுக்குச் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பினால், எழுதியது எல்லாம் போயிருக்கும். அவர் தன் மேல்தான் தப்பு என்று நினைப்பார். பயிற்சி நகலில் இதை 90 நிமிடமாக்குங்கள்.

கடைசியாகக் கணினிகள். பிரவுசரில் `Ctrl` + `+` அழுத்தி எழுத்தைப் பெரிதாக்குங்கள். விண்டோஸ் என்றால் `Settings`-இல் `Accessibility` பகுதிக்குப் போய் அம்புக்குறியைப் பெரிதாக்கலாம். நாற்காலிகளை, நீங்கள் பின்னால் நின்றால் ஐந்து திரையும் தெரிகிற மாதிரி போடுங்கள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, திரையைப் பார்த்தால்தான் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும்.

டபுள் கிளிக் வரவே மாட்டேன் என்கிறது சிலருக்கு.

இரண்டு கிளிக்குக்கு நடுவில் கை நகர்ந்துவிடும், அல்லது இடைவெளி அதிகமாகும். மவுஸ் அமைப்பில் `Double-click speed` என்று ஒன்று இருக்கிறது, அதை மெதுவான பக்கம் தள்ளுங்கள். இல்லையென்றால் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு `Enter` அழுத்தச் சொல்லுங்கள், ஃபைல் திறந்துவிடும்.

இதன் மறுபக்கம்தான் எனக்குத் தலைவலி. டபுள் கிளிக் பழகியவர் எல்லாவற்றையும் டபுள் கிளிக் செய்வார், `Save` பட்டனையும் சேர்த்து. ஒழுங்காகச் செய்யாத மென்பொருளாக இருந்தால் ஒரே சரக்கு இரண்டு முறை வரவாகிவிடும். வகுப்புக்கு முன் நீங்களே பயிற்சி நகலில் வேகமாக இருமுறை அமுக்கிப் பாருங்கள். இரண்டு பதிவு விழுந்தால் மென்பொருள்காரர்களிடம் சரிசெய்யச் சொல்லுங்கள், அது பணியாளர் தவறில்லை.

முதல் வகுப்பை எதில் தொடங்குவது?

இருப்பைப் பார்ப்பதில். எதையும் எழுத வேண்டாம், தப்பாகப் போகவும் வழியில்லை. சரக்கின் பெயரில் முதல் மூன்று எழுத்தை அடித்தால் பட்டியல் வரும், தேர்ந்தெடுத்தால் எண்ணிக்கை தெரியும். "நம்ம பதிவேட்டுல இருக்கிற எண்ணும் இதுவும் ஒண்ணா இருக்கா பாருங்க அண்ணா" என்று கேட்டால் உடனே அவர் அந்தத் துறையின் நிபுணராகிவிடுவார். ஒரு முறை அப்படிப் பார்த்தவர் மென்பொருளில் ஏற்றியிருந்த எண்ணே தவறு என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகுப்பில் ஒரு வரவுப் பதிவு. அவரவர் பதிவேட்டிலிருந்து முந்தின நாள் பக்கத்தை எடுத்துவரச் சொல்லி அதையே ஏற்றுங்கள். இங்கே தேதி ஒரு பொறி: மென்பொருள் மாதத்தை முன்னால் வைத்தால் 05/08 என்பது ஆகஸ்ட் 5 இல்லை, மே 8. அமைப்பை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள், முடியாவிட்டால் தேதியை அடிக்காமல் நாட்காட்டியிலிருந்து தொட்டு எடுக்கப் பழக்குங்கள்.

மூன்றாவது வகுப்பில் வெளியீடு. அதே வகுப்பில் வேண்டுமென்றே ஒரு தப்பும் செய்ய வையுங்கள். 50க்குப் பதில் 500 அடிக்கச் சொல்லுங்கள், சேமிக்கச் சொல்லுங்கள், பிறகு அதைத் திருத்தச் சொல்லுங்கள். தப்பு செய்தால் திரும்பி வர வழி இருக்கிறது என்று ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்குப் பாதிப் பயம் போய்விடும். உங்கள் மென்பொருளில் `Submit` செய்த பிறகு திருத்தவே முடியாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, `Save` வரைதான் திருத்தலாம், அப்புறம் இன்னாரிடம் சொல்ல வேண்டும் என்று ஆளையும் காட்டிவிடுங்கள். நான்காவது வகுப்பில் நான் எதுவும் சொல்லித்தருவதில்லை. பாஸ்வேர்டு வைத்ததும் மூன்று காரியத்தையும் அவர்களே செய்வார்கள், நான் பின்னால் நிற்பேன்.

மாட்டிக்கொண்டால் மவுஸை வாங்கி நானே செய்து காட்டலாமா?

கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், நான் நிஜமாகவே அப்படித்தான் நிற்பேன். நீங்கள் செய்தால் மூன்று நொடியில் முடியும், அவருக்கு ஒரு மாயவித்தை பார்த்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். "மேலே வலது பக்கம் பச்சையா ஒண்ணு இருக்கு பாருங்க" என்று இடத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அந்தப் பத்து நொடி உங்களுக்குத்தான் நீளம்.

எந்த வார்த்தைகளைத் தவிர்க்க வேண்டும்?

முதலிடம் "இது ரொம்ப ஈஸி". ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்வோம். கேட்பவருக்கோ, வராவிட்டால் "ஈஸியானதுகூட எனக்கு வரவில்லை" என்றாகிவிடும். "இந்த இடம் முதல்ல எல்லாருக்கும் குழப்பும்" என்று சொல்லிப் பாருங்கள், வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் அவமானம் இல்லை.

"ஏற்கெனவே சொன்னேனே" வேண்டாம். "புரிஞ்சுதா" என்பதும் வேண்டாம், அதற்கு "ஆமாம்" தவிர வேறு பதிலே கிடையாது. அதற்குப் பதில், "அடுத்து எங்கே அமுக்கணும்னு நினைக்கிறீங்க" என்று கேளுங்கள். திரையில் வருகிற ஆங்கிலமும் பயமுறுத்தும். `Invalid` என்று சிவப்பில் வந்தால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று கையை எடுத்துவிடுவார்கள். அதை முதல் நாளே வேண்டுமென்றே வரவழைத்து, "இந்தக் கட்டத்தில் எழுதினது அதுக்குப் பிடிக்கல, வேற எழுதச் சொல்லுது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுங்கள்.

ஒருவர் வரவே மறுக்கிறார்.

எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகப் பார்த்து என்ன காரணம் என்று கேளுங்கள், பெரும்பாலும் மென்பொருளாக இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆங்கில எழுத்து படிப்பதே சிரமம், அது வெளியே தெரிந்துவிடுமே என்று பயம். அவரை இரண்டு நாள் தனியாக உட்கார வைத்துப் பட்டன்களை இடத்தையும் நிறத்தையும் வைத்துப் பழக்கிய பிறகு பேட்சில் சேர்த்தேன். பட்டன் இடம் மாறினால் அவர் திணறுவார், அதனால் புது அப்டேட் வரும்போதெல்லாம் முதலில் அவரிடம்தான் போவேன்.

வீடியோ எடுத்து அனுப்பினால் போதாதா?

போதாது. ஏற்கெனவே செய்து பார்த்தவருக்கு ஞாபகப்படுத்த உதவும், புதிதாகப் பழகுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. அதைவிட, ஒரு காரியத்துக்கு ஒரு தாள் என்று அவரவர் கையெழுத்தில், அவரவர் வார்த்தையில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேர்வு வைக்க மனமில்லை.

வேண்டியதில்லை. தொடங்கி ஒரு வாரம் ஆனதும் பதிவுகளை எடுத்து, யார் கணக்கில் எத்தனை பதிவு, எந்த நேரத்தில் என்று பாருங்கள். சரக்கு வருகிற நேரத்தையொட்டி அவரவர் கணக்கில் பரவலாக விழுந்திருந்தால் நல்லது. மாலையில் குவியலாக விழுந்தாலோ, ஒருவர் கணக்கில் மட்டும் ஏராளமாக இருந்தாலோ, தாள் கைமாறுகிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை, இந்த எண்ணை வைத்து உடனே யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். பல பேர் ஒரே கணினியைப் பயன்படுத்தும் இடத்தில் பிரவுசர் முந்தின ஆளின் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும், அடுத்தவர் தெரியாமலே அவர் பெயரில் உள்ளே போய்விடுவார். கணக்கு மாறியிருந்தாலும் பதிவு நேரம் பரவலாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பாஸ்வேர்டு சேமிப்பதை நிறுத்திவிட்டு இன்னொரு வாரம் பாருங்கள்.

நிஜமாகவே தாள்தான் கைமாறுகிறது என்றால், கொடுப்பவர் பக்கத்தில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள், எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்க்க. வாங்கி ஏற்றுபவரிடமும் சொல்லிவையுங்கள்: "ஏத்திக் கொடுக்காத தம்பி, பக்கத்துல உட்காரு, கேட்டா மட்டும் சொல்லு."

பழைய பதிவேட்டை எப்போது நிறுத்துவது?

இரண்டையும் சேர்த்து எழுதுவது இரட்டை வேலை, ஆனாலும் தொடக்கத்தில் அது அவர்களுக்கு ஒரு பிடிமானம். நம் கிடங்குக்குப் பத்து வேலைநாள் என்று வையுங்கள், அந்தத் தேதியை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். தேதி சொல்லாமல் விட்டால் பதிவேடுதான் உண்மை, மென்பொருள் சடங்கு என்று ஆகிவிடும். பத்தாவது நாள் மாலை, பேட்ச் பேட்சாக ஒரு இருபது சரக்கை எடுத்து மூன்று எண்ணையும் ஒப்பிடச் சொல்லுங்கள்: பதிவேட்டில் உள்ளது, திரையில் உள்ளது, அலமாரியில் எண்ணினால் வருவது. எது பொருந்தவில்லையோ அந்தச் சரக்கின் பதிவை அவர்களே திறந்து பார்க்கட்டும். பொருந்திய சரக்குகளுக்குப் பதிவேட்டில் கோடு போட்டு, தேதி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு இன்னும் மூன்று நாள்.